போனை எடுத்ததுமே கத்துகிறார்களா? முதல் வரியில் பிழை தேடும் முறை

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் ஆறு வருடமாகப் போன் எடுக்கிறேன். அதற்கு முன் நான்கு வருடம் சென்னையில் ஒரு கால் சென்டரில் இருந்தேன். கைமுறுக்கு, சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், அதிரசம் என்று டின்னில் அடைத்து வெளியூருக்குப் பார்சல் அனுப்புகிற கடை இது. தீபாவளிக்கு முந்திய பத்து நாளும், ஆவணி, தை மாத முகூர்த்த நாட்களும் வந்துவிட்டால் போன் ஓயாது. கோபமாக வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை மூன்றே வகை: பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, சொன்னது ஒன்று வந்தது ஒன்று.

இங்கே எழுதுவது அந்தக் குறைகளைத் தீர்க்கும் வழியை அல்ல. அதற்கு முந்திய அரை நிமிடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குறை என்ன என்றே பேசத் தொடங்காத அந்த நேரத்தில் நாம் சொல்லும் முதல் வரி, கோபத்தை இறக்கவும் செய்கிறது, ஏற்றவும் செய்கிறது. ஏற்றினால் அதில் ஒரு பிழை இருக்கிறது என்று அர்த்தம். போனில் உங்களுக்கு என்ன கேட்கிறதோ, அதற்குரிய தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. நீங்கள் வழக்கமாகச் சொல்லும் முதல் வரியை ஒரு தாளில் எழுதி, அது அழைத்தவரிடம் எதையாவது கேட்கிறதா என்று பாருங்கள். 'ஆர்டர் நம்பர் சொல்லுங்க' என்பது தகவலைக் கேட்கிறது. 'கொஞ்சம் பொறுங்க' பொறுமையைக் கேட்கிறது. 'கோபப்படாதீங்க' அடக்கத்தைக் கேட்கிறது. 'மன்னிச்சிடுங்க' என்பதுகூட மன்னிப்பு என்ற ஒன்றைக் கேட்கத்தான் செய்கிறது. பணம் கொடுத்துவிட்டுப் பொருள் வராமல் நிற்கிறவரிடம் மேலும் ஒன்றைக் கேட்டால் அவர் கொதிக்காமல் என்ன செய்வார்? கீழே வரும் பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

அறிகுறி: கடை பெயரைச் சொல்லி வணக்கம் வைத்ததும் சத்தம் கூடுகிறது

போனை எடுக்கும்போதே அவர் பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் பழக்கத்தில் 'வணக்கம், இன்ன கடை, நான் இன்னார் பேசுறேன், உங்களுக்கு என்ன உதவி வேணும்' என்று ஆரம்பிப்பீர்கள். அது முடிவதற்குள் அவர் குரல் இரண்டு மடங்கு ஆகிவிடும்.

வணக்கம் சொன்னதில் தவறில்லை. அவர் பேச்சின் மேல் உங்கள் பேச்சு ஏறியதுதான் தவறு. மனப்பாடமாக வரும் வரிக்கு ஒரு ராகம் உண்டு. அந்த ராகம் காதில் விழுந்ததுமே, தான் சொன்னது எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது: எடுத்ததும் அவர் பேசிக்கொண்டிருந்தால் வணக்கத்தை விட்டுவிடுங்கள். அவர் மூச்சு வாங்கும் இடம் வரும் வரை குறுக்கே போகாதீர்கள். ஆனால் முழு மௌனமும் ஆகாது, செல்போனில் மௌனம் என்றால் லைன் துண்டித்ததாகத்தான் நினைப்பார்கள். 'ஹலோ, இருக்கியா இல்லையா?' என்று கேட்டுவிட்டால் கோபம் முதலிலிருந்து ஆரம்பமாகும். அதனால் இடையிடையே 'ம்' என்று தாழ்ந்த குரலில் ஒன்று, கொஞ்சம் கழித்து 'ஆமாங்க' என்று ஒன்று. 'சரி சரி' வேண்டாம். ஒற்றைச் 'சரி' கேட்டுக்கொள்வது போலிருக்கும், இரட்டைச் 'சரி' விரட்டுவது போலிருக்கும்.

என் அனுபவத்தில் முதல் வேகம் அரை நிமிடத்துக்கு மேல் நீள்வது அபூர்வம். மூச்சு வாங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு: சொன்னதையே இரண்டாம் தடவை சொல்ல ஆரம்பிப்பார்கள். அங்கேதான் உங்கள் முதல் வரி.

அறிகுறி: அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால், 'அப்ப நான் பொய்யா சொல்றேன்?' என்கிறார்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சி வகுப்புகளில் எல்லாம் 'வாடிக்கையாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்' என்று கற்றுக் கொடுக்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் தமிழில் அதை எந்த விகுதியோடு சொல்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பிழை அங்கேதான் இருக்கிறது.

அவர், 'பார்சல் இன்னும் வரலை' என்கிறார். நாம் திருப்பிச் சொல்லக்கூடிய வழிகளைப் பாருங்கள்.

'வரலையா?' இது கேள்வி. கடைசியில் வரும் அந்த 'ஆ' சந்தேகத்தைச் சுமந்து வருகிறது. நேரில் என்றால் முகத்தில் இருக்கும் அக்கறை அதைச் சரிக்கட்டிவிடும். போனில் முகம் இல்லை, 'ஆ' மட்டும்தான் போய்ச் சேரும். நம்பாமல் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்.

'வரலைன்னு சொல்றீங்க.' இது இன்னும் மோசம். 'நீங்க அப்படிச் சொல்றீங்க, உண்மை என்னவோ' என்ற தொனி இதில் தானாக வந்துவிடுகிறது. கால் சென்டரில் எங்களுக்குக் கொடுத்திருந்த வரி கிட்டத்தட்ட இதுதான். ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்த வரி. அங்கே அது பணிவாக இருந்திருக்கலாம். தமிழில் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்வது போலிருந்தது.

'வரலையாம்.' இதை யாரும் அழைத்தவரிடம் சொல்வதில்லை. பக்கத்தில் பேக்கிங் செய்கிறவரிடம் போனைக் கையால் மூடிக்கொண்டு சொல்வது: 'அண்ணே, கோயம்புத்தூர் பார்சல் வரலையாம்.' கை மூடினால் கேட்காது என்று நினைக்கிறோம், கேட்கும். அந்த 'ஆம்' கேள்விப்பட்ட செய்திக்குரியது. தன் வீட்டுச் சங்கடம் அங்கே ஊர்க்கதையாக ஓடுகிறது என்று அவருக்குப் படும்.

சரியான வடிவம் மிக எளிது: 'பார்சல் இன்னும் வரலை.' அவர் சொன்ன அதே சொற்கள், விகுதி எதுவும் ஒட்டாமல், முற்றுப்புள்ளியோடு. அவர் கணக்கை நம் பேரேட்டிலும் அப்படியே எழுதிக்கொண்ட மாதிரி. எங்கள் கடையில் புதிதாகப் போன் எடுக்க வருகிறவர்களுக்கு முதல் நாள் பயிற்சி இது மட்டும்தான். நான் ஒரு குறையைச் சொல்வேன், அவர்கள் 'ஆ'வும் 'ன்னு'வும் இல்லாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை வாய் தானாக 'ஆ'வுக்குப் போகும். இரண்டு மூன்று நாள் ஆகும், பழகுவதற்கு.

அப்புறம், எதைத் திருப்பிச் சொல்வது என்பதும் இருக்கிறது. பொருளை மட்டும் சொன்னால் பாதிதான். அந்தப் பொருள் எதற்கு என்பதையும் சேர்க்க வேண்டும். முறுக்கு நொறுங்கியதற்காக யாரும் அப்படிக் கத்துவதில்லை, சம்பந்தி வீட்டில் தட்டில் வைக்க முடியாமல் போனதற்காகத்தான் கத்துகிறார்கள். இந்த ஊரில் பலகாரம் என்பது சீர். எத்தனை டின், எத்தனை வகை என்று எண்ணி வைக்கிற இடம். அதனால் அந்த அரை நிமிடத்தில் காது தேட வேண்டியது விசேஷத்தின் பெயரை: வளைகாப்பு, அறுபதாம் கல்யாணச் சாந்தி, புதுமனை, பிள்ளையார் நோன்பு. அது கிடைத்துவிட்டால் முதல் வரி தானாக அமையும்.

அறிகுறி: ஆர்டர் நம்பரைக் கேட்டதும் வெடிக்கிறார்

நம்பர் தேவைதான். அதைக் கேட்ட இடம்தான் தவறு.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1984-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒருவர், வீட்டில் ஒரு பெண்மணி மூச்சுவிட முடியாமல் கிடக்கிறார் என்று அவசர உதவிக்கு அழைத்தார். எடுத்த செவிலியர், விதிமுறைப்படி, கேள்விகளில் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரும் என்ற ஒரு சொல் வருவதற்கு முன்னால் கேள்வி மேல் கேள்வி. அழைத்தவருக்கு அது உதவியை மறுப்பது போலப் பட்டது, பேச்சு தடித்தது, திட்டினார், செவிலியர் திட்டக் கூடாது என்று பதிலுக்குப் போனார். ஆம்புலன்ஸ் தாமதமாயிற்று, அந்தப் பெண்மணி இறந்துவிட்டார். அந்த உரையாடலை வரி வரியாகப் பிரித்து 1988-இல் சமூகவியலாளர்கள் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சண்டைக்குக் காரணம் ஒருவருடைய குணம் என்று அவர்கள் முடிக்கவில்லை. அந்தப் பேச்சை அழைத்தவர் உதவி கேட்பது என்றும் செவிலியர் தகவல் கேட்பது என்றும் புரிந்துகொண்டு, இந்த இரண்டும் ஒவ்வொரு அடியிலும் மோதியதைக் காட்டினார்கள்.

பலகாரத்துக்கு உயிர் போகாது. ஆனால் பேச்சு முறியும் விதம் இதேதான். 'நம்பர் சொன்னால்தான் உதவி' என்று அவர் காதில் விழுகிறது. அதனால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் அவர் கணக்கை ஏற்றுக்கொள்ளும் வரி, அடுத்து நான் என்ன செய்யப் போகிறேன் என்ற வரி, அதற்கு அப்புறம்தான் கேள்வி. கேள்வியும் காரணத்தோடு வர வேண்டும். அதைவிட நல்லது, கேட்காமலே கண்டுபிடிப்பது. அவர் அழைக்கிற நம்பர் திரையில் இருக்கிறது. ஆர்டர் பெரும்பாலும் அதே நம்பரிலிருந்து வாட்ஸப்பில்தான் வந்திருக்கும். 'ம்' சொல்லிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்திலேயே தேடிவிடலாம்.

ஒரு தீபாவளிக்கு முந்திய நாள் மதியம் வந்த அழைப்பை இங்கே வைக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா. மகளுக்குத் தலைத் தீபாவளி. ஐந்து டின் சொல்லியிருந்தார். எடுத்ததும் இப்படி:

'என்னய்யா கடை நடத்துறீங்க? நேத்தே வரும்னு சொன்னீங்க. இன்னிக்கு ராத்திரி மாப்பிள்ளை வீட்ல இறங்குறாரு. இப்ப நான் எங்க போயி வாங்குவேன்? பணத்தை மட்டும் முதல்லயே வாங்கிக்கிறீங்கல்ல?'

நான் 'ம்' என்றேன். அவர் தொடர்ந்தார். நேற்று முழுக்க வாசலைப் பார்த்தது, கூரியரில் போனை எடுக்காதது, கணவர் 'அங்கே ஏன் சொன்னாய்' என்று கேட்டது. அந்தக் கடைசி விஷயம் முக்கியம், வீட்டிலும் ஏச்சு வாங்கியிருக்கிறார். பிறகு மறுபடியும், 'ராத்திரி மாப்பிள்ளை வர்றாருங்க' என்றார். இரண்டாம் தடவை. அங்கே நான் சொன்னது:

'மாப்பிள்ளை ராத்திரி வர்றாரு, பலகாரம் இன்னும் வீட்ல இல்லை. அவர் வர்றதுக்குள்ள அது உங்க கைக்கு வரணும். உங்க ஆர்டரை எடுத்துட்டேன், அஞ்சு டின். லைன்ல இருங்க, கோயம்புத்தூர் ஆபீசுக்கு இன்னொரு போன்ல நான் இப்பவே பேசுறேன், பேசுறது உங்களுக்கும் கேட்கும்.'

அந்தப் பக்கம் ஒரு மௌனம். பிறகு, 'சரி, பேசுங்க' என்றார். அவ்வளவுதான். கோபம் போய்விடவில்லை, ஆனால் குரல் இறங்கிவிட்டது. என்னை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் எனக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

அந்த வரிகளில் என்ன இல்லை என்று பாருங்கள். மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை, கேள்வி இல்லை. 'வந்துடும்' என்ற வாக்குறுதியும் இல்லை. 'வரணும்' என்றுதான் சொன்னேன். 'வரணும்' என்பது அவர் தேவையை நானும் ஏற்றுக்கொள்வது. 'வந்துடும்' என்பது என் கையில் இல்லாத ஒன்றைக் கொடுப்பது. அந்த நேரத்தில் பார்சல் எங்கே என்றே எனக்குத் தெரியாது.

பேசிப் பார்த்ததில், பின்கோடில் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறி, டின்கள் வேறு கிளைக்குப் போய் உட்கார்ந்திருந்தன. முகவரி ஒட்டியது நாங்கள். அப்போதுதான், தெரிந்த பிறகுதான், 'அம்மா, பின்கோடு நாங்க தப்பா எழுதியிருக்கோம். எங்க தப்பு' என்றேன். 'கிளை எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும். நாங்களே ஒரு ஆட்டோ பிடிச்சு அனுப்பச் சொல்றோம், வாடகை எங்களுது.' அவர் மகன் வண்டியில் போய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஏழு மணிக்கு வாங்கிவிட்டார். ஒரு டின்னில் முறுக்கு உடைந்திருந்தது. அதையும் போன் செய்து சொன்னார், இந்தத் தடவை சாதாரணக் குரலில்.

அறிகுறி: 'சாரி' சொல்லச் சொல்ல ஏறுகிறார்

'உங்க சாரியை வெச்சு நான் என்ன பண்றது?' இதைக் கேட்காதவர்கள் இந்த வேலையில் இருக்க முடியாது. என்ன நடந்தது என்று கேட்கும் முன்பே சொல்லும் மன்னிப்பு, எதற்காகக் கேட்கிறோம் என்று நமக்கே தெரியாத மன்னிப்பு. அது அவருக்கும் தெரியும். அதிலும் 'சாரி' என்ற சொல், கூட்டத்தில் தோள் இடித்தால் சொல்வது. இரண்டு மூன்று தடவை சொன்னால் அது இன்னும் சிறுத்துப்போகும்.

மன்னிப்பைச் சேமித்து வையுங்கள். தவறு இன்னது, அது நம்முடையது என்று உறுதியானதும், ஒரே ஒரு தடவை, 'தப்பு எங்க பக்கம்' என்று முழுதாகச் சொல்லுங்கள். முதல் வரியில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், 'விசேஷ நேரத்துல இப்படி ஆகியிருக்கக் கூடாது' என்பது போதும். யார் தவறு என்று இது சொல்லவில்லை, நடந்தது சரியில்லை என்று ஒப்புக்கொள்கிறது.

'உங்க கோபம் எனக்குப் புரியுது' என்பதும் இதே சாதிதான். பயிற்சிகளில் இதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். 2007-இல் மேத்யூ லீபர்மேன் குழு லாஸ் ஏஞ்சலிஸில் செய்தது. உணர்ச்சி தெரியும் முகப்படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. உண்மையான ஆய்வுதான். ஆனால் அங்கே பெயர் சொன்னவர், படத்தைப் பார்த்த அவரே. இன்னொருவர் வந்து 'நீ கோபமா இருக்கே' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. நம் ஊரில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: 'நான் கோபமாவே பேசலைங்க, நியாயத்தைப் பேசுறேன்' என்பார்கள். கோபத்துக்கு நாம் பெயர் வைக்க வேண்டாம். என்ன கெட்டுப்போனது என்பதற்கு மட்டும் பெயர் வைப்போம்.

அறிகுறி: கத்தவே இல்லை, ஒவ்வொரு சொல்லாக, அழுத்தி, மரியாதையாகப் பேசுகிறார்

கத்துகிறவரைவிட இவரைப் பார்த்துத்தான் கவனமாக இருக்க வேண்டும். அநேகமாக இது அவருடைய மூன்றாவது அழைப்பு. முதல் இரண்டு தடவையும் யாரோ 'பாத்துச் சொல்றேன்' என்றிருப்பார்கள். தமிழில் 'பாத்துச் சொல்றேன்' என்றால் சொல்ல மாட்டேன் என்று பொருள், அது எல்லோருக்கும் தெரியும்.

இவரிடம் உணர்ச்சி வரி எதுவும் வேலை செய்யாது. 'விசேஷ நேரத்துல…' என்று ஆரம்பித்தால், 'இதைத்தான் செவ்வாய்க்கிழமையும் சொன்னாங்க' என்பார். இவருக்குத் தேவை பதிவு: 'செவ்வாய்க்கிழமை காலையில ஒரு தடவை, நேத்து சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டிருக்கீங்க. ரெண்டு தடவையும் நாங்க திருப்பிக் கூப்பிடலை.' திரும்பவும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரிந்த அந்த நொடியில் குரல் மாறும். இதற்காகத்தான் நாங்கள் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்: நேரம், நம்பர், என்ன சொன்னோம், எப்போது திருப்பிக் கூப்பிடுவதாகச் சொன்னோம். இந்த நான்கும் இல்லாமல் இந்த அறிகுறிக்கு மருந்தே இல்லை. நோட்டில் இல்லாவிட்டால் இருப்பதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். 'முன்னாடி கூப்பிட்டது இங்கே எழுதப்படலை, அது எங்க குறை. இப்ப நான் எழுதிக்கிறேன்' என்று சொல்வது மேல்.

அறிகுறி: முறை சொல்லிக் கூப்பிட்டதும் எரிச்சல் படுகிறார்

செட்டிநாட்டுக் கடைகளுக்கே உரிய பிழை இது. இங்கே நகரத்தார் வீட்டுப் பெண்களை 'ஆச்சி' என்பது மரியாதை. வயது முப்பதாக இருந்தாலும் ஆச்சிதான். அந்தப் பழக்கத்தில் சென்னையிலிருந்து பேசும் ஒரு பெண்ணை 'சொல்லுங்க ஆச்சி' என்றால், 'யாரு ஆச்சி? எனக்கென்ன அவ்வளவு வயசாயிடுச்சா?' என்று வரும். திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. காரைக்குடிக்காரரே ஆனாலும், நகரத்தார் அல்லாதவருக்கு அது பொருந்தாது.

அதற்காக எல்லோரையும் 'மேடம், சார்' என்பதும் தீர்வல்ல. சிங்கப்பூரிலிருந்து பேசும் ஒரு பெரிய ஆச்சி, 'ஊர்க்கடைன்னுதானே உங்ககிட்டச் சொன்னேன்' என்று வருத்தப்பட்டிருக்கிறார். அவர் 'தம்பி' என்று தொடங்கியிருந்தார், பக்கத்து மேஜையில் போன் எடுத்தவர் 'மேடம்' என்று பதில் சொன்னார். உறவைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

வழி இதுதான். முதல் வரியில் முறைப்பெயரே வேண்டாம், 'ங்க' விகுதியே போதிய மரியாதை. அவர் நம்மை எப்படி அழைக்கிறார் என்று கேட்டுக்கொண்டு இரண்டாவது வரியில் அதற்கு இணையாக அழைக்கலாம். தம்பி என்றால் அம்மா அல்லது ஆச்சி, 'என்னங்க' என்றால் 'ங்க' மட்டும், 'மிஸ்டர்' என்றால் சார். கோபத்தின் உச்சியில் நாமாக 'அண்ணே, அக்கா' என்று ஆரம்பித்தால் குழைவதாகத்தான் கேட்கும்.

அறிகுறி: 'ஓனரைக் கூப்பிடு'

'ஓனர் இல்லைங்க' என்று தொடங்காதீர்கள். 'அவர்கிட்ட நானே கொண்டுபோறேன். பார்சல் விவரம் கையில இருந்தா அவர் உடனே முடிவு சொல்லுவாரு, அதை நான் எடுத்துட்டு வர்றேன்' என்று சொல்லலாம், உண்மையிலேயே கொண்டுபோவதாக இருந்தால். கடைசி வரை ஓனர்தான் வேண்டும் என்றால், கொடுத்துவிடுங்கள். தடுத்து நிறுத்தி யாரும் ஜெயித்ததில்லை.

அறிகுறி: வரி சரியாக இருக்கிறது, ஆனால் 'என்ன அலட்சியமாப் பேசுறீங்க' என்கிறார்

சொல்லை விட்டுவிட்டுக் குரலைப் பாருங்கள். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். நம் குரலின் அடிச்சுருதி, ஆணோ பெண்ணோ, சாதாரணப் பேச்சில் பெரும்பாலும் 300-க்குக் கீழேதான் இருக்கிறது. தாழ்த்தி, மென்மையாகப் பேசும்போது நேரில் கேட்கிற அந்தக் கனிவு போனில் மெலிந்து, சோர்வாகவும் அக்கறை இல்லாததாகவும் போய்ச் சேர்கிறது. இரண்டு பக்கமும் 4ஜி வழியாகவே குரலைக் கடத்தும் வோல்ட்டி இருந்தால் நிலைமை பரவாயில்லை, ஆனால் அழைப்பவர் எதில் பேசுகிறார் என்று நமக்குத் தெரியாது.

அதனால் முதல் வரியைச் சாதாரணப் பேச்சைவிடக் கொஞ்சம் தெளிவாக, கொஞ்சம் மெதுவாக, ஆனால் உயிரோடு சொல்லுங்கள். அவர் வேகம் பத்து என்றால் நீங்கள் ஏழில் ஆரம்பித்து ஐந்துக்கு இறங்க வேண்டும். எடுத்தவுடன் மூன்றில் பேசினால் அது அலட்சியம்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசாதீர்கள். அடுப்படியில் எண்ணெய்ச் சத்தமும் யாரோ சிரிப்பதும் உங்கள் முதல் வரிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். பின்னால் ஒருவர் சிரித்தது தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து ஒருவர் போனை வைத்தே விட்டார். எவ்வளவு கூப்பிட்டும் மறுபடி எடுக்கவில்லை.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

கெட்ட வார்த்தை வந்தால் ஒரு தடவை பொறுத்துக்கொண்டு முதல் வரியைச் சொல்லிப் பார்க்கலாம். அதற்கு அப்புறமும் வந்தால், 'உங்க பார்சலை நான் தேடுறேன். இந்த வார்த்தை இல்லாம பேசுங்க, இல்லைன்னா வாட்ஸப்புல விவரம் அனுப்புறேன்' என்று சொல்லி வைத்துவிட எங்கள் கடையில் எல்லோருக்கும் உரிமை உண்டு. சொன்னபடி விவரத்தை அனுப்பியும் விட வேண்டும்.

இன்னொன்று, பலகாரம் சாப்பிட்டு உடம்புக்கு வந்துவிட்டது என்ற அழைப்பு. கோபத்தைத் தணிப்பது, விசேஷத்தின் பெயரைத் தேடுவது எல்லாம் இங்கே நேரக்கேடு. கேள்வியில் தொடங்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இது, அதுவும் ஒரே கேள்விதான்: 'மூச்சு விடச் சிரமமா இருக்கா, முகம் உதடு வீங்கியிருக்கா?' ஆமாம் என்றால், 'நம்ம பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம், உடனே 108-க்குக் கூப்பிடுங்க. கடலையும் முந்திரியும் அதுல இருக்குன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க' என்று சொல்லிப் போனை நாமே வைத்துவிட வேண்டும், அவர் லைன் விடுபட. எங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒவ்வொரு பலகாரத்திலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிய தாள் ஒன்று இருக்கிறது. பக்குவம் மாறும் போதெல்லாம் அதை மாற்றி எழுதுகிறோம். பத்து நிமிடம் கழித்து நாமே கூப்பிட வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்க.